கொருக்குப்பேட்டை வாசலிலிருந்து கொடுங்கையூர் மேடு வரை: குப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் லாரியில ஒண்ணாத்தானே கொட்டுறீங்க? அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?"

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வீடு வீடாகப் போய் "பச்சையில் ஈரக் குப்பை, நீலத்தில் காய்ந்த குப்பை" என்று சொல்லும் வேலையைச் சில காலம் செய்தேன். பத்து கதவு தட்டினால் ஆறு கதவில் இந்தக் கேள்விதான் வரும். கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. பல தெருக்களில் அப்படித்தான் நடந்தது, நானே நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்கே கலக்கிறது என்பதைக் கவனித்தால்தான் யாரைக் கேட்பது என்று தெரியும். கலக்கிற இடங்கள் மூன்று. முதல் இடம் உங்கள் வாசல். பேட்டரி வண்டியில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று தனித்தனியாக இருக்கும். நூறு வீட்டில் அறுபது வீடு ஒரே கவரில் கட்டிக் கொடுத்தால் தூய்மைப் பணியாளர் அங்கேயே கவரைக் கிழித்துக் கையால் பிரிக்க வேண்டும். ஒரு காலையில் இருநூறு வீட்டுக்கு மேல் போக வேண்டியவருக்கு அதற்கு நேரம் கிடையாது. இரண்டாவது இடம் தெருமுனைத் தொட்டி. வண்டி போன பிறகு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீசிவிட்டுப் போவது இங்கேதான். மூன்றாவது இடம் காம்பேக்டர் லாரி. அது குப்பையை அழுத்தி உள்ளே தள்ளும் வண்டி. உள்ளே ஒரே அறைதான். பிரித்து வந்த பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் அடுத்தடுத்து அதில் கவிழ்த்தால், அதுவரை நடந்த வேலை ஒரு நிமிடத்தில் போயிற்று.

முதல் இடத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. இரண்டாவதில் வீட்டுக்காரருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் பங்கு உண்டு. மூன்றாவது முழுக்க உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அதற்கு ஈரக் குப்பையை எடுக்க ஒரு வண்டியும் காய்ந்ததை எடுக்க ஒரு வண்டியும் இருக்க வேண்டும், அல்லது ஒரே வண்டி வேறு வேறு நேரத்தில் வர வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத தெருவில் "பிரித்துக் கொடுங்கள்" என்று சொல்லப் போனால் திட்டுத்தான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

"எத்தனை வகையாப் பிரிக்கணும்? ஒருத்தர் ரெண்டுங்கிறார், ஒருத்தர் மூணுங்கிறார்."

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 மூன்று என்றன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் வரும் அபாயகரமான கழிவு. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்கு என்கின்றன. ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, அப்புறம் தனிக் கவனம் தேவைப்படுகிற பொருள்கள். டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா எல்லாம் கடைசி வகையில் வரும்.

நடைமுறையில் சிக்கல் தருவது நாப்கினும் டயப்பரும்தான். அவற்றைக் காகிதத்தில் தனியாகச் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும், பணியாளர் கவரைத் திறந்து பார்க்க மாட்டார். ஒரு முறை வாழை இலைக் கட்டு ஒன்றைப் பிரித்த பணியாளர் அம்மாவின் கையில் டயப்பர் வந்தது. கையை உதறிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எந்தக் கவரையும் அவர் பிரிக்கவில்லை, அப்படியே தொட்டியில் போட்டுவிடுவார்.

பிரியாணிப் பொட்டலம் எதில் போவது என்று கேட்பார்கள். மிச்சச் சோறும் எலும்பும் ஈரத்தில், ஃபாயில் பையைக் கழுவி உலர்த்திக் காய்ந்ததில். தேங்காய் மட்டையும் இளநீர்க் கூடும் மக்கும் பொருள்தான். ஆனால் மக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் அவற்றைத் தனியாக வைத்தால் நல்லது.

"எங்க தெருக் குப்பையைப் பிரிச்சா உண்மையிலேயே என்ன வித்தியாசம் வரும்? கணக்கு சொல்லுங்க."

சரி, கொருக்குப்பேட்டையில் 250 வீடு உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு அரைக் கிலோ. ஒரு நாளைக்கு 500 கிலோ. இது தோராயக் கணக்குதான், தெருவுக்குத் தெரு மாறும். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம், அதனால் 280 கிலோ சமையலறைக் கழிவு என்று வைப்போம். காய்ந்தது 150 கிலோ. மிச்சம் 70 கிலோ நாப்கின், கிழிந்த துணி, பெருக்கிய மண், உடைந்த பீங்கான்.

பிரித்து வந்தால் இந்த 280 கிலோ வார்டு உரமாக்கும் மையத்துக்குப் போகும். ஒன்றரை மாதத்தில் தண்ணீரும் காற்றுமாக ஆவியாகி 50, 60 கிலோ உரமாக மிஞ்சும். காய்ந்த 150 கிலோ பொருள் மீட்பு மையத்துக்குப் போகும். அங்கே பெட் பாட்டில், அட்டை, பால் கவர், தகரம் என்று காசாகிற சரக்கு ஐம்பது கிலோ தேறலாம். பிஸ்கட் கவர், ஷாம்பூ பாக்கெட் மாதிரி யாரும் வாங்காத பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகும். சல்லடையில் நிற்கிற கசடையும் சேர்த்து, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போவது 100 கிலோவுக்குப் பக்கம்.

பிரிக்காமல் வந்தால் 500 கிலோவும் மேட்டுக்குத்தான். அதில் 50 கிலோ காசாகிற சரக்கு இருக்கிறதே, அதை அங்கே எடுக்க முடியாதா என்று கேட்கலாம். முடியாது. காம்பேக்டர் அழுத்தும்போது சாம்பாரும் மீன் கழுவிய தண்ணீரும் அட்டைக்குள் ஊறிவிடும். ஊறிய அட்டையைக் காயலான் கடைக்காரர் கையால் தொட மாட்டார், தொட்டாலும் அடிமாட்டு விலைதான். கலந்த குப்பையை இயந்திரத்தில் போட்டுப் பிரிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதில் கிடைக்கிற உரத்தில் கண்ணாடித் தூளும் பிளாஸ்டிக் துணுக்கும் இருக்கும், பிளாஸ்டிக்கில் சேறு இருக்கும். இரண்டுக்குமே வாங்குகிற ஆள் இல்லை.

"உரம் போடுற இடம்னு பக்கத்துல வெச்சாங்க. ஒரே நாத்தம். இது உரமா, குப்பைமேடா?"

நாற்றம் வந்தால் அங்கே ஏதோ தவறு நடக்கிறது என்று அர்த்தம். ஒழுங்காக மக்குகிற குவியல் மண்வாசனை மாதிரி, கொஞ்சம் புளிப்பாக வீசும். முட்டை அழுகிய வாடை வந்தால் உள்ளே காற்று போகவில்லை.

நாலு பக்கமும் ஓட்டை வைத்துக் கட்டிய செங்கல் தொட்டியில் ஈரக் குப்பையைப் பொடியாக நறுக்கி ஒரு அடுக்கு போடுவார்கள். அதன் மேல் காய்ந்த இலை, தென்னைநார்த் தூள் ஒரு அடுக்கு, அப்புறம் சாணக் கரைசல். நாலைந்து நாளில் உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் போக வேண்டும். கையை உள்ளே விட்டால் சுடும், வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதுதான் சரியான அறிகுறி. வாரம் ஒரு முறை புரட்ட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேர்க்க வேண்டும். உதிர்ந்து விழுந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

வடசென்னையில் இது கெடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. காசிமேடு துறைமுகத்தைச் சுற்றிய தெருக்களிலிருந்து மீன் செதிலும் குடலும் இறால் தோலும் வரும். மீன் கழிவில் நைட்ரஜன் மிக அதிகம். அதற்கு ஈடாகக் காய்ந்த இலையோ மரத்தூளோ சேர்க்காவிட்டால் இரண்டாம் நாளே அமோனியா வாடை மூக்கைத் துளைக்கும், புழு வைத்துவிடும். நுங்கம்பாக்கத்தில் மரம் உண்டு, இலை உண்டு. கொருக்குப்பேட்டைச் சந்தில் இலைக்கு எங்கே போவது? பூங்காக்களில் பெருக்கிய இலையை மூட்டை கட்டி இந்த மையங்களுக்கு அனுப்பச் சொல்வது அந்த வார்டுப் பொறியாளர் செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்த இடத்தில் நாற்றம் அடங்கியதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு மையத்தில் கேட்டுக் கேட்டு ஓய்ந்தோம். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இதுல யாருக்கு என்ன வேலை? கவுன்சிலரைப் பிடிக்கணுமா, ஆபீஸ்ல சொல்லணுமா?"

அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணை திடக்கழிவு மேலாண்மையை நகர உள்ளாட்சிகளின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. வீட்டு வாசலில் எடுப்பது, கொண்டுபோவது, பதப்படுத்துவது, மிச்சத்தைப் புதைப்பது எல்லாம் சென்னையில் மாநகராட்சியின் கடமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குப்பை எடுக்காது. பதப்படுத்தும் இடத்துக்கு அனுமதி தருவதும், காற்றையும் நிலத்தடி நீரையும் சோதிப்பதும் அதன் வேலை. மாநில அரசு கொள்கை வகுக்கும், பணம் ஒதுக்கும்.

வார்டுக்குள் பார்த்தால், பணியாளருக்கு மேலே மேற்பார்வையாளர், அவருக்கு மேலே துப்புரவு ஆய்வாளர், அப்புறம் மண்டலப் பொறியாளர்கள், மண்டல அலுவலர். உங்கள் தெருவுக்கு வண்டி வரவில்லை என்றால் பிடிக்க வேண்டியவர் துப்புரவு ஆய்வாளர். எந்த வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்கிற பட்டியல் அவர் கையில் இருக்கும். கவுன்சிலர் பணியாளருக்கு நேரடியாக உத்தரவு போட முடியாது. ஆனால் உரமாக்கும் மையத்துக்கு இடம் ஒதுக்குவது, வண்டி போதவில்லை என்பது போன்ற விஷயங்களை மன்றத்தில் எழுப்ப அவரால்தான் முடியும். தினசரி வேலைக்கு ஆய்வாளர், வசதிக்குக் கவுன்சிலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புகாரை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம். "குப்பை எடுக்கலை" என்று மட்டும் சொன்னால் அன்று மாலையே ஒரு லாரி வந்து அள்ளிப்போகும், புகாரும் முடிந்துவிடும். மறுநாள் பழைய கதைதான். "இன்ன தெரு, காலை 8.20, இன்ன பதிவு எண் வண்டி, பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் ஒரே காம்பேக்டரில் கவிழ்த்தார்கள்" என்று படத்தோடு சொல்லிப் பாருங்கள். அந்தப் புகாரை அள்ளிப் போட்டு முடிக்க முடியாது. யாராவது பதில் எழுதியாக வேண்டும். படத்தில் பணியாளரின் முகம் விழாமல் எடுங்கள். வண்டியை ஏற்பாடு செய்வது அவர் கையில் இல்லை.

"தனியார்கிட்ட கொடுத்துட்டாங்களே, இனிமே மாநகராட்சிக்கு என்ன சம்பந்தம்?"

முழுச் சம்பந்தமும் இருக்கிறது. கம்பெனி ஒப்பந்தப்படி எடுத்துப் போகும், மாநகராட்சி மேற்பார்வை பார்த்துப் பணம் கொடுக்கும். சட்டப்படியான கடமை கைமாறாது. வண்டி வராவிட்டால் "கம்பெனியைக் கேளுங்கள்" என்று அலுவலகத்தில் சொன்னால் நீங்கள் திரும்பி வர வேண்டாம், அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது எதற்குப் பணம் என்பதை. கொட்டிய எடைக்குத்தான் பணம் என்றால், பிரித்துக் குறைப்பதில் கம்பெனிக்கு நஷ்டம்தான். நனைந்த குப்பைக்கு எடை அதிகம்! பிரித்த அளவையும் புகாரின் எண்ணிக்கையையும் வைத்துப் பணம் என்றால் கதை மாறும்.

பணியாளர் பக்கத்துக் கேள்வி இன்னொன்று. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தது, வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத்தான். வாங்கிக்கொண்டிருந்த கூலி என்ன ஆகும், இத்தனை வருட வேலை கணக்கில் வருமா என்பதே அவர்கள் கேட்டது. பழகிய பணியாளருக்கு எந்த வீட்டில் கலந்து கொடுப்பார்கள், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்று தெரியும். ஆள் மாறினால் அந்த அறிவும் போய்விடும். புது ஆளுக்கு அது படிய மாதங்கள் ஆகும்.

"கல்யாண மண்டபம், பெரிய அப்பார்ட்மெண்ட் குப்பையையும் நம்ம வண்டிதான் எடுக்கணுமா?"

ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால் அவர்கள் பெருமளவுக் கழிவு உருவாக்குபவர்கள். ஈரக் குப்பையைத் தங்கள் வளாகத்திலேயே பதப்படுத்துவதற்கு அவர்கள்தான் பொறுப்பு. முகூர்த்த நாளில் ஆயிரம் இலை விழுகிற மண்டபம் அதைத் தெருத் தொட்டியில் கொட்டினால் உங்கள் தெருவுக்கு அன்று இடமே இருக்காது. இதையும் ஆய்வாளரிடம் சொல்லலாம்.

"கொடுங்கையூர்ல இருக்கிறது குப்பை புதைக்கிற இடம்தானே? அதை ஏன் தோண்டுறாங்க?"

புதைக்கிற இடத்துக்கு என்று ஒரு கட்டுமானம் உண்டு. அடியில் களிமண், அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, கசிகிற கறுப்பு நீரைச் சேர்த்து எடுக்கக் குழாய், வாயு வெளியேற வழி, தினமும் மேலே மண் மூடாக்கு. விதிப்படி அங்கே போக வேண்டியது மக்காத, எரியாத, யாருக்கும் பயன்படாத கசடு மட்டும்தான். கொடுங்கையூரில் இந்த விரிப்பு எதுவும் கிடையாது. அது வெறும் கொட்டுமிடம். சுமார் 340 ஏக்கர் நிலத்தில் பல பத்தாண்டுகளாக நகரத்தின் வடக்கு மண்டலங்களின் குப்பையைக் கலந்தபடியே கொட்டி மேடாக்கியது.

கலந்த ஈரக் குப்பை காற்றில்லாமல் உள்ளே அழுகும்போது மீத்தேன் வரும். கோடையில் அது உள்ளுக்குள் புகைந்து எரியும். மேலே தண்ணீர் அடித்தால் ஓரிடத்தில் அணையும், பத்தடி தள்ளிக் கிளம்பும். மண்ணைப் போட்டுக் காற்றை அடைத்தால்தான் அடங்கும். மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எழில் நகர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையில் வருவது கறுப்பு நீர். விரிப்பு இல்லாததால் அது நேரே நிலத்துக்குள்ளும் கால்வாய்க்கும் போகிறது.

தோண்டுகிற வேலைக்கு உயிரி அகழ்வு என்று பெயர், பயோமைனிங் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். 252 ஏக்கரில் கிடக்கிற சுமார் 66.5 லட்சம் டன் பழைய குப்பையை, சுமார் 640 கோடி ரூபாய் செலவில் எடுக்கிற திட்டம். மேட்டை அடுக்கடுக்காகக் கிளறி நீள வரப்பாகக் குவிப்பார்கள். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில வாரம் புரட்டிப் புரட்டிக் காய விடுவார்கள். ஈரம் வடிந்த பிறகு சுழலும் உருளைச் சல்லடையில் போடுவார்கள். மேலே நிற்பது துணியும் பிளாஸ்டிக்கும், அது சிமென்ட் ஆலைக்குப் போகும். நடுவில் கல், ஓடு, கண்ணாடி. அடியில் விழுவது கறுப்பு மண், அது பள்ளம் தூர்க்கப் போகும்.

அந்த மண் பார்க்க நல்ல எரு மாதிரியே இருக்கும். தோட்டத்துக்குக் கேட்டவர்கள் உண்டு. கொடுக்கக்கூடாது. பேட்டரியும் டியூப்லைட்டும் பெயின்ட்டும் அதே மேட்டில் கிடந்து ஊறியவை, கன உலோகம் இருக்கும். சோதித்த பிறகுதான் எதற்கு ஆகும் என்று சொல்ல முடியும். மழைக்காலத்தில் இந்த வேலை படுத்துவிடும். ஈரமாக இருந்தால் மண் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு சல்லடையில் இறங்காது. சிமென்ட் ஆலையும் மண் ஒட்டிய சரக்கைத் திருப்பி அனுப்பும்.

"தோண்டுற இடத்துக்குப் பக்கத்துலயே புதுசாக் கொட்டுறாங்களே?"

ஆமாம், கொட்டுகிறார்கள். ஒரு பக்கம் காலி ஆகும்போதே இன்னொரு பக்கம் லாரி கவிழ்க்கிறது. மேலே சொன்ன தெருவைப் போல எல்லாத் தெருவும் 500 கிலோவை 100 ஆக்காத வரை வேறு வழி இல்லை. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையைக் கொடுங்கையூரில் வைக்கலாம் என்ற திட்டம் இந்த இடைவெளியில்தான் வருகிறது. வடசென்னைக்காரர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், புகை பற்றிய பயத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் நம் குப்பை சரியாக எரியாது. பாதிக்கு மேல் ஈரம். அதைக் காய வைக்கவே நிறையச் சூடு போய்விடும். எரிகிற மாதிரி ஆக்க வேண்டுமானால் ஈரத்தை முதலில் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் எரிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான், அதை வாங்கிக்கொள்ள சிமென்ட் சூளைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

"வீட்டை இடிச்ச செங்கல், ஜல்லியை மூட்டை கட்டித் தொட்டிக்குப் பக்கத்துல வெச்சா எடுப்பாங்களா?"

வைக்காதீர்கள். கட்டடக் கழிவுக்குத் தனி விதிகள், தனி வண்டி உண்டு. கொடுங்கையூரிலேயே அதை உடைத்து மணலும் ஜல்லியும் ஆக்குகிற ஆலை இருக்கிறது. 1913-இல் சொல்லி எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் குப்பையோடு கலந்து வைத்தால் பணியாளர் எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. ஒரு மூட்டை செங்கல் உள்ளே போனால் காம்பேக்டரின் அழுத்தும் தகடு வளைந்துவிடும். அப்புறம் அந்த வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களில் உங்கள் தெருவுக்கும் சேர்த்துத்தான் வண்டி வராது.